ஐ.டி. கார்டை எடுத்த இடத்தில் சட்டையை எதால் நிரப்புவது?

ஈரோடு, திருப்பூர் பக்கம் ஸ்டுடியோவுக்குப் பெரிதாக்க வரும் படங்களில் கம்பெனியில் எடுத்தவையும் இருக்கும். கழுத்தில் சிவப்பு டேக், நெஞ்சுக்குக் கீழே கார்டு. வீட்டில் அதைவிட முகம் தெளிவான படம் இருக்காது. டேக்கை எடுத்துவிட்டு 12-க்கு 18 பிரேமுக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் இதற்கு மூன்று வழி உண்டு: ரெடிமேட் சட்டையையோ கோட்டையோ மாட்டிவிடுவது, Content-Aware Fill கொடுப்பது, அதே சட்டையிலிருந்து துணி எடுத்து ஒட்டுப்போடுவது. என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான்.

ரெடிமேட் கோட்டு பாஸ்போர்ட் சைஸுக்குப் போதும். பெரிய படத்தில் காலர் கழுத்தோடு உட்காராது, வெளிச்சம் முகத்தில் ஒரு பக்கமும் கோட்டில் மறுபக்கமுமாக நிற்கும். "எங்கப்பா கோட்டே போட்டதில்லீங்களே" என்று வீட்டுக்காரர்கள் சொன்னால் அதற்குப் பதிலும் கிடையாது.

Content-Aware Fill பிளெயின் டி-சர்ட்டில் நன்றாகவே வேலை செய்யும். மாதிரி எடுக்கும் பச்சைப் பகுதியிலிருந்து முகம், கை, பின்னணியை அழித்து, சட்டையை மட்டும் விட்டால் போதும். டேக்கின் நிழலையும் சேர்த்துத் தேர்வு செய்யுங்கள். அதை விட்டால் டேக் போன பிறகும் அதன் சாயல் மங்கலான கோடாக நிற்கும். கட்டம் போட்ட சட்டை என்றால் இந்த வழி படுத்துவிடும். துண்டுகளைப் பொறுக்கி வைக்கிற வேலைதான் அது. கட்டத்தின் கணக்கு அதற்குத் தெரியாது. கோடு பாதியில் முறியும், பட்டன் பட்டியின் நடுவில் அரைப் பட்டன் முளைக்கும்.

முடிவைத் தீர்மானிப்பது அந்தக் கோடுதான். கட்டம் ஒரு நூல் விலகினாலும் கண் அங்கேதான் போய் நிற்கும்.

ஓர் உதாரணம். நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, கார்டு மூன்றாவது பட்டனை மறைக்கிறது. முதலில் கட்டத்தை அளங்கள்: ஒரு கோட்டிலிருந்து அடுத்த அதே நிறக் கோடு வரை 40 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கார்டுக்குக் கீழே சுருக்கம் இல்லாத இடத்தில், கார்டு மறைத்த இடத்தைவிட நாலாபக்கமும் ஒரு கட்டம் பெரிதாக Lasso போட்டு Ctrl+J. அந்தத் துண்டை மேலே நகர்த்தும்போது 40-இன் மடங்காகவே நகர்த்துங்கள்: 160, 200, 240. ஓபாசிட்டியை 50 ஆக்கினால் கீழே உள்ள கோடும் மேலே உள்ள கோடும் சேர்ந்து தெரியும். நெஞ்சின் வளைவில் கோடு சாய்ந்திருக்கும். Ctrl+T-இல் Warp எடுத்து மூலைகளை மட்டும் இழுத்துக் கோட்டோடு கோட்டைச் சேர்த்துவிடுங்கள். நடுவை இழுத்தால் கட்டம் ரப்பர் மாதிரி ஆகிவிடும். பிறகு ஓபாசிட்டியை மறுபடி 100 ஆக்கிவிட்டு மாஸ்க். அதன் விளிம்பைத் திறந்த கட்டத்தின் குறுக்கே விடாமல், அடர்ந்த கோட்டை ஒட்டியே கொண்டுபோனால் ஒட்டு கோட்டுக்குள் மறைந்துவிடும்.

பட்டன் பட்டிக்குத் தனித் துண்டு வேண்டும். பட்டியில் உள்ள கட்டம் பக்கத்துத் துணியோடு சேராமல் தைத்த சட்டைகள் நிறைய. மேலேயும் கீழேயும் சேரவில்லை என்றால் நடுவில் மட்டும் சேர்த்துவைக்கக் கூடாது. படத்தின் மேல் விளிம்பிலிருந்து இரண்டாவது பட்டன் 900 பிக்சலிலும் நாலாவது 1320-இலும் இருந்தால் மூன்றாவதை 1110-இல் வையுங்கள். ஒரு பக்கத்தைத் திருப்பிப்போட்டு நிரப்பும் குறுக்குவழி வேண்டாம். வெளிச்சம் மாறும், பாக்கெட் இரண்டாகும், பட்டி பெண்கள் சட்டை மாதிரி எதிர்ப்பக்கம் ஏறும்.

நிறம் பொருந்தாவிட்டால் துண்டுக்கு மட்டும் Curves போட்டு ஏற்றி இறக்கலாம். டேக்கை ஒட்டிய வெள்ளைக் கட்டத்தில் லேசாகச் சிவப்பு ஏறியிருக்கும். Color மோடில் புது லேயர் வைத்து, தள்ளியிருக்கும் துணியின் நிறத்தை எடுத்துத் தடவினால் போய்விடும். Healing Brush-ஐ டேக்கின் விளிம்பில் வைக்காதீர்கள், அந்தச் சிவப்பை உள்ளே இழுத்து அப்பிவிடும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கும் இந்த வழிதான் லாபம். துணி அதே படத்திலிருந்து வருவதால் மங்கலும் புள்ளியும் ஒன்றாகவே இருக்கும். வெளியிலிருந்து வந்த சட்டை மட்டும் பளிச்சென்று தனியாக நிற்கும். நேரம் அதிகம் பிடிக்கும் என்பது உண்மை. பளபளக்கும் பட்டுச் சட்டையில் மடிப்புக்கு மடிப்பு மினுமினுப்பு மாறுவதால், இது ஒவ்வொரு முறையும் கைகொடுக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

பிரிண்ட்டுக்குக் கொடுக்கும் முன் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயரைச் செங்குத்தான எஸ் வடிவில் போட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய ஒட்டு திட்டுத் திட்டாகத் தெரியும். சரிசெய்துவிட்டு அந்த லேயரை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.