எழுபது விற்றது, முப்பது கிடக்கிறது: கமிஷனுக்கு அனுப்புவதா, மொத்தமாகக் கொடுப்பதா?

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் ஆச்சி ஒருவருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். மார்ச் கடைசியில் நோட்டோடு வந்தார்கள். பொங்கலுக்கு முன்னால் கோயம்புத்தூர்க் கடை ஒன்றுக்கு 100 சேலை கமிஷன் பேரில் அனுப்பியிருந்தார்கள். 70 விற்றிருக்கிறது, 30 அங்கேயே கிடக்கிறது. அடுத்த சரக்குக்கு அந்தக் கடைக்காரர் மூன்று வழி சொல்லியிருக்கிறார்.

"தம்பி, பழையபடி பத்து பர்சென்ட் கமிஷனுக்கே அனுப்பச் சொல்றாரு. இல்ல, பதிமூணு குடுங்க, கடன்காரன் பணம் தராட்டா நான் தர்றேங்கறாரு. அதுவும் வேணாம்னா 1,450 ரூபாய்க்கு மொத்தமா நானே எடுத்துக்கறேங்கறாரு. எது நல்லது?"

"இந்த வருஷச் சரக்கையே மூணு விதமாவும் போட்டுப் பார்த்துருவோம் ஆச்சி" என்றேன். அந்தக் கணக்குதான் கீழே இருக்கிறது. தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். விலை எல்லாம் ஜி.எஸ்.டி. சேர்க்காதது.

ஒரு சேலையின் அடக்கம் 1,200 ரூபாய், ஆக 100 சேலைக்கு 1,20,000. மூட்டை கட்டும் கூலியும் லாரிக் கூலியும் 3,000. கோயம்புத்தூரில் சரக்கை இறக்கிக் கடைக்குக் கொண்டுபோக, ஆச்சிக்கு ஏஜெண்டாக விற்றுத் தரும் அந்தக் கடைக்காரர் கொடுத்தது 1,000. அங்கே வைப்பு வாடகையும் இன்சூரன்சும் 1,500. விற்பனை விலை 1,800. விற்ற 70-ல் 40 ரொக்கம், 30 கடன். கடனில் வாங்கியவர்களில் ஒருவர் நாலு சேலைக்கான 7,200 ரூபாயைத் தராமலே போய்விட்டார்.

முதலில் மீதிச் சரக்கின் மதிப்பைப் பார்த்துவிடுவோம். இது பிசகினால் மற்ற எல்லாம் பிசகும். ஆச்சி நோட்டில் 30 சேலையை 1,800 வீதம் 54,000 என்று எழுதி வைத்திருந்தார்கள். விற்காத சேலையில் லாபம் எடுக்க முடியாது. சரக்கு ஏஜெண்டு கடையில் இருந்தாலும் ஆச்சியின் சரக்குதான், ஏஜெண்டு வேறொருவருக்கு விற்கிற நாளில்தான் அது விற்பனை. ஆகவே அடக்க விலையில் தொடங்க வேண்டும்: 30 × 1,200 = 36,000.

இதோடு எந்தச் செலவைச் சேர்ப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சேலை விற்பனைக்குத் தயாராகக் கடைத் தட்டுக்கு வந்து சேரும் வரை ஆன செலவு சேரும். அதற்குப் பிறகு ஆனது சேராது. லாரிக் கூலி, மூட்டை கட்டும் கூலி, இறக்கு கூலி எல்லாம் 100 சேலைக்கும் ஆன செலவு, 4,000. அதில் 30-ன் பங்கு 1,200. வாடகை, இன்சூரன்ஸ், கமிஷன் ஆகியவை விற்பதற்கான செலவுகள், அவை அந்த வருஷத்தோடு போகட்டும். ஏஜெண்டு செலவு செய்தார் என்பதற்காகவே ஒரு செலவை ஒதுக்கிவிடவும் கூடாது. பணம் கொடுத்தது யார் என்பது இங்கே கேள்வி இல்லை, எந்த இடத்தில் ஆன செலவு என்பதுதான் கேள்வி. ஆக மீதிச் சரக்கு 37,200, சேலைக்கு 1,240.

அடக்கத்தை ஏஜெண்டிடம் காட்ட விரும்பாமல் பட்டியலில் 1,500 என்று ஏற்றிப் போட்டு அனுப்புகிறவர்கள், வருஷக் கடைசியில் அந்த 300 ரூபாயைச் சேலைக்குச் சேலை கழித்துவிட வேண்டும். மறந்தால் 9,000 ரூபாய் பொய் லாபம் நிற்கும்.

இனி மூன்று வழிகள்.

முதல் வழி, 10 சதவீதக் கமிஷன். விற்பனை 70 × 1,800 = 1,26,000, கமிஷன் 12,600. விற்பனையையும் மீதிச் சரக்கையும் கூட்டி, அடக்கம், செலவு, கமிஷன் எல்லாம் கழித்தால் 25,100. வராக்கடன் 7,200 ஆச்சி தலையில் விழுகிறது. நிற்பது 17,900.

கமிஷன் எந்த வருஷத்துக்கு உரியது என்றும் ஆச்சி கேட்டார்கள், ஏனென்றால் ஏஜெண்டு கணக்குத் தீர்ப்பது ஏப்ரலில். சேலை மார்ச்சுக்குள் விற்றிருந்தால் அதன் கமிஷனும் மார்ச்சில்தான் எழுத வேண்டும். 30 மீதி இருக்கிறதே, முழுச் சரக்கும் தீர்ந்த பிறகு கமிஷன் எடுக்கட்டும் என்று நிறுத்திவைக்கவும் வழியில்லை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அனுப்பிய சரக்கு முழுவதும் விற்காவிட்டாலும், விற்ற பணத்தை ஏஜெண்டு பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆம் பிரிவு சொல்கிறது.

இரண்டாம் வழி, 3 சதவீதம் கூடுதல் கமிஷன். இதை டெல் கிரெடரி கமிஷன் என்பார்கள். கடனுக்கு வாங்கியவர் பணம் தராவிட்டால் ஏஜெண்டு பொறுப்பு. வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் இதை மொத்த விற்பனை மேல்தான் கணக்கிடுவார்கள், ரொக்க விற்பனையும் அதில் அடங்கும். ஆக 3,780 ரூபாய். கடன் விற்பனை மேல் மட்டும் என்று எழுதி வாங்கியிருந்தால் 54,000-க்கு 1,620 தான். ஒரு வரி எழுதாததால் 2,160 ரூபாய் போகிறது. இந்த வழியில் நிற்பது 21,320. இந்த வருஷம் இது முதல் வழியைவிட நல்லது. வராக்கடன் 3,780-க்குள் அடங்கியிருந்தால் நஷ்டமாக இருந்திருக்கும்.

ஆனால் இந்தப் பொறுப்பு எதுவரை என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும். வாங்கியவர் நொடித்துப்போனால் ஏஜெண்டு தருவார். சாயம் போகிறது, கரை சரியில்லை என்று தகராறு செய்து அவர் பணத்தை நிறுத்தினால் அது சரக்கின் குறை, அனுப்பியவர் பாடு. ஏஜெண்டே நொடித்துவிட்டாலும் இந்த 3 சதவீதம் உதவாது.

மூன்றாம் வழி, 1,450-க்கு மொத்தமாகக் கொடுப்பது. 1,45,000 வரவு. அடக்கமும் லாரியும் 1,23,000. நிற்பது 22,000. இறக்கு கூலி, வாடகை, வராக்கடன் எல்லாம் வாங்கியவர் பாடு, மீதிச் சரக்கு என்ற பேச்சே இல்லை.

"அப்ப மூணாவதும் ரெண்டாவதும் ஒண்ணுதானே தம்பி. ரெண்டாவதுல இன்னும் முப்பது சேலை கையில இருக்குல்ல? அதையும் வித்தா கூடத்தானே வரும்?" என்றார்கள் ஆச்சி.

வரும், அந்த 30-ம் 1,800-க்கே போனால். இரண்டாம் வழியில் மொத்தம் 31,100 ஆகும், முதல் வழியில் 29,300. அதனால்தான் கடைக்காரருக்கு ஃபோன் போட்டு, அந்த 30 எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னேன். கண்ணாடி அலமாரியில் மடித்தபடி வெயில் பட்டு மடிப்பில் வெளுத்திருக்கிறது, இனி 1,200-க்குத்தான் தள்ள முடியும் என்றார். கடைக்குள் அரக்கும் கடுகு மஞ்சளும் எடுப்பாகத் தெரியட்டும் என்று முன்வரிசையில் வைப்பார்கள், முதலில் வெளுப்பதும் அதுதான்.

அடக்கமா, விற்றால் கைக்கு வரும் தொகையா, எது குறைவோ அதுதான் சரக்கின் மதிப்பு. 1,200-க்கு விற்றால் முதல் வழியில் கமிஷன் போக 1,080 வரும், இரண்டாம் வழியில் 1,044. இரண்டுமே 1,240-ஐவிடக் குறைவு. அதையும் போட்டால் படம் மாறிவிடுகிறது.

| | 10% கமிஷன் | 13% கமிஷன் | மொத்த விலை |
|---|---|---|---|
| மீதியை அடக்கத்தில் வைத்தால் | 17,900 | 21,320 | 22,000 |
| மீதி 1,200-க்குப் போவதானால் | 13,100 | 15,440 | 22,000 |
| 100-ம் 1,800-க்கே விற்றால் | 29,300 | 31,100 | 22,000 |

பத்தா பதிமூன்றா என்ற பேச்சு இங்கே சில ஆயிரம் ரூபாய்ப் பேச்சு. மீதி முப்பதின் கதி அதைப்போலப் பல மடங்கு. 13 சதவீதத்தில் நூற்றுக்கு எத்தனை சேலை முழு விலைக்கு விற்றால் மொத்த விலையை எட்டும் என்று போட்டுப் பார்த்தேன். மீதி 1,200-க்குப் போவதானால் 83 விற்க வேண்டும். இவர்களுக்கு விற்றது 70.

அதற்காக மூன்றாவதுதான் நல்லது என்று கண்ணை மூடிச் சொல்ல மாட்டேன். மொத்தமாகக் கொடுத்த நாளே சேலை கடைக்காரருடையது ஆகிவிடும், கையில் நிற்பது ஒரே ஒருவரிடமிருந்து வர வேண்டிய 1,45,000 ரூபாய். அவர் தவணை சொன்னால் 22,000 லாபம் காகிதத்தில்தான். கமிஷன் பேரில் அனுப்பினால் கடை மூடினாலும் விற்காத 30 சேலை ஆச்சியுடையது, போய் எடுத்துவரலாம். அப்படி எடுத்துவரும்போது எண்ணி மட்டும் வாங்கக் கூடாது, ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்க வேண்டும். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதே கட்டம் போட்ட விசைத்தறிச் சேலையும் சந்தையில் இருக்கிறது, மீதிக் கட்டில் அது கலந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன். திரும்பி வரும் லாரிக் கூலியைச் சேலையின் அடக்கத்தில் ஏற்றவும் கூடாது, அது அந்த வருஷச் செலவு.

ஜி.எஸ்.டி.யில் ஒரே ஒரு விஷயம். பில் யார் பேரில் போகிறது? கடைக்காரர் தன் பேரில் பில் போட்டால், ஆச்சி சரக்கு அனுப்பியதே வரிக்கு விற்பனையாகக் கருதப்படும். ஏஜெண்டின் விற்பனை விலையில் 90 சதவீதத்தை மதிப்பாக எடுத்துக்கொள்ளலாம். 1,620 வீதம் 100 சேலைக்கு 5 சதவீதம் 8,100 ரூபாய், ஒரு சேலைகூட விற்காதபோதே கட்ட வேண்டும். ஆச்சி பேரிலேயே பில் போட்டால் விற்றதற்குத்தான் வரி. ரிட்டர்னில் 100 காட்டினோமே என்று புத்தகத்திலும் 100-ஐ விற்பனையாக எழுதிவிடுகிறவர்கள் உண்டு. புத்தகத்தில் விற்பனை 70 தான்.

ஆச்சி கடைசியில் சரக்கைப் பிரித்தார்கள். எப்போதும் போகிற அரக்கு, கறுப்புக் கட்டச் சேலை 60-ஐ 1,450-க்குப் பாதிப் பணம் முன்னால் வாங்கிக்கொண்டு கொடுப்பது. புது நிறம் 40-ஐ 13 சதவீதத்துக்கு அனுப்புவது, கூடுதல் 3 கடன் விற்பனை மேல் மட்டும். மாதம் ஒருமுறை விற்பனைப் பட்டியலோடு இருப்புச் சீட்டும் வர வேண்டும், 60 நாளில் விற்காததை வெளுக்கும் முன் திருப்பிவிட வேண்டும் என்று கடிதத்தில் எழுதச் சொன்னார்கள். எழுதி வாசித்துக் காட்டினேன்.

"அலமாரியில வெயில் படாம வைக்கணும்னும் ஒரு வரி சேத்துரு தம்பி" என்றார்கள். சேர்த்தேன்.