கூடையில் விழுந்த ஒரே புடவை: மூன்று வருட வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக் அனுபவம்

போன வாரம் விருதுநகரிலிருந்து அத்தை மகள் போன் பண்ணினாள். வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி போட்டு விற்கிறாள். வெப்சைட் போட ஒருவர் பதினெட்டாயிரம் கேட்கிறாராம். "அக்கா, நீங்க வாட்ஸ்அப்லயே ஓட்டுறீங்களே, எனக்கும் அது போதுமா?" என்றாள். போனில் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் மதுரையில் சுங்குடிப் புடவை விற்கிறேன். கடை கிடையாது, வீட்டு முன்அறைதான். வாங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊருக்குள்ளேயே இருப்பவர்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் பொருள் பட்டியலான கேட்டலாக்கில் படம் ஏற்றுவது, விலை போடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிட்டு, எனக்கு மிகவும் பிடித்த ஒன்றையும் என்னை அலைக்கழித்த ஒன்றையும் மட்டும் சொல்கிறேன்.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டலாக்குக்கு முன்பு எல்லாப் புடவையையும் ஸ்டேட்டஸில்தான் போடுவேன். 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடும். மூன்று நாள் கழித்து ஒருவர், "அந்த மஞ்சள் புடவை இருக்கா?" என்று கேட்பார். எந்த மஞ்சள்? மாம்பழ மஞ்சளா, எலுமிச்சையா, அரக்குக் கரை போட்டதா? நான் நாலு படம் அனுப்ப, அவர் "இதில்லை" என்று சொல்ல, அரைமணி நேரம் போய்விடும். கேட்டலாக்கில் ஒரு பொருளைத் திறந்து அங்கிருந்தே செய்தி அனுப்பினால், அந்தப் பொருளின் படமும் பெயரும் கேள்வியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. வேறொன்றையும் நான் கேட்க வேண்டியதில்லை. கூடவே, கூடுதல் விவரங்களில் பொருளுக்கான குறியீட்டை எழுத ஓர் இடம் இருக்கிறது. அதில் நான் எழுதும் எண்ணையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புடவை மடிப்பிலும் வைத்துவிடுவேன். பீரோவைத் திறந்தால் சரியான புடவை கைக்கு வந்துவிடும். மூன்று வருடமாக இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தச் செயலியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு புடவைக்குப் பத்துப் படம் வரை வைக்கலாம். நான் நாலுதான் வைக்கிறேன்: முழு விரிப்பு, முந்தி, கரை, அப்புறம் காலை வெயிலில் எடுத்த ஒன்று. டியூப்லைட் வெளிச்சத்தில் அரக்கு நிறம் பழுப்பாகத் தெரியும். வெயில் படம் வைக்க ஆரம்பித்த பிறகு, நிறம் வேறாக இருக்கிறது என்று திரும்பி வந்த புடவை வெகு குறைவு.

இனி என்னை அலைக்கழித்தது. கேட்டலாக்குக்குக் கையிருப்பு தெரியாது. என்னிடம் இரண்டு வகைப் புடவை உண்டு. மெழுகு அச்சுப் போட்டவை ஒரே மாதிரி ஆறு, எட்டு என்று வரும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தவை அப்படியில்லை. ஒரே ஆள் கட்டினாலும் புள்ளியும் சாயமும் அடுத்ததில் அப்படியே வராது, ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். வாடிக்கையாளர் பிடித்ததைக் கேட்டலாக்கில் இருக்கும் கூடையில் போட்டு நமக்கு அனுப்புவது வெறும் விருப்பக் கடிதம் மாதிரி. அதில் பணமும் கைமாறாது, பொருளும் ஒதுக்கப்படாது. அதே புடவை இன்னொருவர் கூடையிலும் அதே நேரத்தில் உட்காரலாம். அதைத் தடுக்க, விற்ற உடனே அந்தப் பொருளை நாமே கேட்டலாக்கில் மறைக்க வேண்டும்.

இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை ராத்திரி நடந்ததைச் சொன்னால் புரியும். 41ஆம் எண், அரக்கில் கரும்பச்சைக் கரை, கைமுடிச்சு, 2,400 ரூபாய். எட்டு மணி சுமாருக்குத் திருநகரில் இருக்கும் பழைய வாடிக்கையாளர் அதைக் கூடையில் அனுப்பினார். "எடுத்து வைக்கிறேன்மா, காலையில் வாங்க" என்று பதில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மறைக்கவில்லை. கால்மணி நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் அதே 41ஐயும் 850 ரூபாய் அச்சுப் புடவை ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தார். நான் கை கழுவி வருவதற்குள் 3,250 ரூபாய் கணக்கில் வந்துவிட்டது.

எப்படி வந்தது? முதல்முறை எழுதுபவர்களுக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி எழுதுபவர்களுக்கும் தானாகப் போகும் வரவேற்புச் செய்தி ஒன்று உண்டு. சௌகரியமாக இருக்குமே என்று நான் அதில் யுபிஐ ஐடியையும் எழுதி வைத்திருந்தேன். புதியவர் கூடையை அனுப்பியதும் அது போயிருக்கிறது. பணம் கட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவரும் கட்டிவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. செயலி மேலும் தப்பில்லை, நான் எழுதி வைத்ததைத்தான் அது அனுப்பியது.

வாக்குக் கொடுத்தது முதலாமவருக்கு. பணம் கட்டியது இரண்டாமவர். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, வாக்குக் கொடுத்தவருக்கே புடவையைக் கொடுத்தேன். மற்றவருக்கு 2,400ஐத் திருப்பி அனுப்பினேன். "கூடையில் போட விட்டுட்டு, காசையும் வாங்கிட்டு, இல்லேன்னா எப்படிம்மா?" என்றார். அவருடைய கல்யாண நாளுக்கு அந்தப் புடவையை நினைத்திருக்கிறார். அச்சுப் புடவையை மட்டும் வாங்கிக்கொண்டார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

இப்போது நான் செய்வது இதுதான். வரவேற்புச் செய்தியிலிருந்து யுபிஐ ஐடியை எடுத்துவிட்டேன். "கூடை வந்தது, இருப்பு பார்த்துச் சொல்கிறேன், அதற்கு முன் பணம் அனுப்ப வேண்டாம்" என்று மட்டும் அதில் இருக்கிறது. கூடை வந்ததும் முதலில் பொருளை மறைப்பேன், அப்புறம்தான் பதில். கணக்கு விவரத்தை விரைவுப் பதிலாகச் சேமித்திருக்கிறேன். `/pay` என்று அடித்தால் வந்துவிடும், ஆனால் அதை நான்தான் அனுப்ப வேண்டும். அந்த உரையாடலுக்கு "பணம் வரணும்" என்று லேபிள் போட்டு, இரண்டு மணி நேரம் காத்திருப்பேன். வராவிட்டால் மறுபடி கேட்டலாக்கில் காட்டிவிடுவேன். பணம் வந்ததா என்பதை அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் பார்ப்பதில்லை, என் வங்கிக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

இது நன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் கையில் போன் இல்லாமல் ஒரு கல்யாணத்துக்குப் போக முடியவில்லை, நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. ஒரு புடவைக்கு "இருப்பு 1" என்று எழுத ஒரு சின்னக் கட்டம் இருந்தால் போதும். அதற்காக ஒரு மனுஷி நாள் முழுக்கக் காவல் இருக்க வேண்டியிருக்கிறது.

அத்தை மகளுக்கு நான் சொல்வது: உனக்கு இது போதும், அந்தப் பதினெட்டாயிரத்தை எடுத்து வை. உன் பொடியில் ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு பேர் கேட்டால் இரண்டு பேருக்கும் கொடுப்பாய். தீர்ந்தால் மறுநாள் வறுத்து அரைப்பாய். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள். ஒரே செய்தியைப் பலருக்குச் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உன் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். பாக்கெட் லேபிளிலேயே எண்ணை அச்சடித்து, சேமிக்கச் சொல்லி எழுது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைப் பார்த்தால் யாருக்கெல்லாம் போனது என்று தெரியும்.

எனக்கு? இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது சரியா என்று தெரியவில்லை. ஆனால் நேற்று ராத்திரி கைமுடிச்சுப் புடவை பத்தொன்பதையும் கேட்டலாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அச்சுப் புடவை மட்டும் அங்கே இருக்கும். கைமுடிச்சு வேண்டும் என்பவர்கள் வீட்டுக்கு வரட்டும், பீரோவைத் திறந்து காட்டுகிறேன்.