சேமநிதி இலக்கு: லட்சத்தில் சொல்வதா, மாதத்தில் சொல்வதா?

சேலத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேரப் பள்ளி ஒன்றை நடத்தும் அறக்கட்டளையின் கணக்குகளைப் பார்த்துவருகிறேன். வரவு குறையும் காலத்தில் செலவைச் சமாளிக்க ஒதுக்கிவைக்கும் சேமநிதிக்கு ஓர் இலக்கு வைக்க வேண்டும் என்று அறங்காவலர் குழு கேட்டபோது மேசையில் மூன்று வழிகள் இருந்தன. ஒரு தொகையைத் தீர்மானித்து அதை எட்டுவது முதல் வழி. ஆண்டு வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று வைப்பது இரண்டாவது. இத்தனை மாத நடைமுறைச் செலவு என்று வைப்பது மூன்றாவது. நாங்கள் எடுத்தது மூன்றாவதை. இன்று மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன்.

நிலையான தொகையின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொல்வது எளிது, நினைவில் நிற்கும். கட்டட நிதிக்கும் வேன் வாங்கும் நிதிக்கும் அதுவே சரியான வழி. சேமநிதிக்கு அது ஒத்துவராது. மாதச் செலவு இரண்டரை லட்சமாக இருந்த காலத்தில் ‘இலக்கு 10 லட்சம்’ என்று தீர்மானம் போட்டால், அது நான்கு மாதப் பாதுகாப்பு. சம்பளமும் டீசலும் ஏறி மாதச் செலவு ஐந்து லட்சத்தைத் தொட்டபின் அதே 10 லட்சம் இரண்டு மாதத்துக்குத்தான் வரும். ஆனால் கூட்டக் குறிப்பில் ‘இலக்கு எட்டப்பட்டது’ என்ற வரி ஆண்டுதோறும் தொடரும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் பாதுகாப்பு பாதியாகிவிட்டது.

வருமானச் சதவீதத்தில் வேறு கோளாறு இருக்கிறது. பெரிய நன்கொடை வரும் ஆண்டில் இலக்கு வீங்கும். வரவு விழும் ஆண்டில் இலக்கும் சேர்ந்து விழும். பணம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் ‘இவ்வளவு போதும்’ என்று சொல்லும் அளவுகோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாதக் கணக்கு இந்த இரண்டிலிருந்தும் தப்புகிறது. செலவு ஏறினால் இலக்கும் தானாக ஏறும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ‘ஒரு மாதம்’ என்றால் எவ்வளவு என்பதைச் சரியாகக் கணக்கிட வேண்டும். இந்த முறையின் வெற்றியும் தோல்வியும் இந்த ஓர் இடத்தில்தான்.

எண்களைப் புரிவதற்கு வசதியாக முழுமையாக்கித் தருகிறேன். தணிக்கை செய்த கணக்கில் ஆண்டுச் செலவு 84 லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7 லட்சம். அந்த 84இல் 7 லட்சம் தேய்மானம். அது கையிலிருந்து போகும் பணமே இல்லை. 5 லட்சம் கூரையைப் புதுப்பித்த செலவு. 12 லட்சம் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் நடக்கும் சிகிச்சைத் திட்டம். நிதி நின்றால் அந்தச் செலவும் நிற்கும். மூன்றையும் கழித்தால் 60 லட்சம், அதாவது மாதம் 5 லட்சம். மூன்று மாத இலக்கு 21 லட்சம் அல்ல, 15 லட்சம்.

இந்தக் கழித்தலில் இரண்டு இடங்களில் நின்று யோசிக்க வேண்டும். கூரை இந்த ஆண்டு, கழிவறை அடுத்த ஆண்டு, சுற்றுச்சுவர் அதற்கடுத்த ஆண்டு என்று பழுதுபார்ப்பு தொடர்ந்து வந்தால் அதை ஒருமுறைச் செலவு என்று ஒதுக்கக் கூடாது. சில ஆண்டுகளின் சராசரியை மாதச் செலவில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, திட்டப் பணியாளர்கள். நிறுவனம் கைவிட்டால் அந்த இரண்டு சிகிச்சையாளர்களையும் அனுப்பிவிடுவோமா? மாட்டோம் என்றால் அவர்களின் சம்பளம் நம் மாதச் செலவுதான். இருவருக்கும் சேர்த்து மாதம் 60 ஆயிரம் என்றால் இலக்கு 16 லட்சத்து 80 ஆயிரமாகும். இதைக் கணக்காளர் தனியாக முடிவு செய்யக் கூடாது, குழுவிடம் கேட்க வேண்டும். எங்கள் குழு திட்டத்தோடு அவர்கள் பணியும் முடியும் என்றது. அதனால் 5 லட்சமே நின்றது.

அடுத்தது கையில் இருப்பதை எண்ணுவது. வங்கியில் 19 லட்சம். அதில் 6 லட்சம் சிகிச்சைத் திட்டத்தின் செலவாகாத பணம். 4 லட்சம் பணிக்கொடைக்காக ஒதுக்கியது. மிச்சம் 9 லட்சம்தான் நம் விருப்பப்படி எடுக்கக்கூடியது. அதாவது 1.8 மாதம். நிலமும் கட்டடமும் இருப்புநிலைக் குறிப்பில் பெரிய எண்ணாக நிற்கும். அவற்றை விற்றுச் சம்பளம் தர முடியாது.

எத்தனை மாதம் வைப்பது? மூன்று முதல் ஆறு என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மூன்று ஆண்டுகளின் மாத இறுதி இருப்புகளை வரிசையாக எழுதிப் பார்த்தோம். நன்கொடை மார்ச்சில் குவிகிறது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை வரவைச் செலவு மிஞ்சுகிறது. மோசமான ஆண்டில் அந்தப் பள்ளம் 8 லட்சம். மிகப்பெரிய ஒற்றை நன்கொடை 7 லட்சம். அது ஓராண்டு தள்ளிப்போவது நடக்கக்கூடியதே. இரண்டும் ஒரே ஆண்டில் சேர்ந்தால் 15 லட்சம். எங்களுக்கு மூன்று மாதம் என்ற எண் இங்கிருந்துதான் வந்தது. நான் நெருங்கிப் பார்த்தவை பள்ளி, காப்பகம் அளவுள்ள கணக்குகள்தான். மருத்துவமனைக்கும் அரசு மானியத்தையே நம்பியிருக்கும் அமைப்புக்கும் மூன்று போதாமல் போகலாம்.

குழுவுக்கு ஒரே ஒரு பக்கம்தான் கொடுத்தேன். மேலே மாத இறுதி இருப்புகளின் கோடு, அதன் கீழே மூன்று எண்கள்: ஒரு மாதம் 5 லட்சம், கையில் 1.8 மாதம், இலக்கு 3 மாதம். இந்த வரிசை முக்கியம். பள்ளத்தைக் காட்டாமல் இலக்கை மட்டும் வைத்தால் பேச்சு உடனே “நன்கொடையை வங்கியில் பூட்டிவைப்பதா?” என்ற பக்கம் போய்விடும். அந்தக் கேள்வி எங்களிடமும் வந்தது, நியாயமான கேள்விதான். அதற்கு ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் அறங்காவலர் ஒருவரே பதில் சொன்னார்: “பழம் வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, ஆட்களுக்குக் கூலி வாராவாரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இடைவெளிக்குப் பணம் வேண்டாமா?” செவ்வாய்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்பவருக்கும் அது உடனே பிடிபட்டது. லட்சத்தில் சொல்லியிருந்தால் இவ்வளவு விரைவில் புரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

6 லட்சம் பற்றாக்குறையை ஆண்டுக்கு 2 லட்சமாக மூன்றாண்டில் நிரப்புவது திட்டம். வரி பற்றிய அச்சத்துக்கும் பதில் வைத்திருந்தேன். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை பொதுவாக வருமானத்தில் 85 சதவீதத்தைத் தன் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும்; மீதி 15 சதவீதம் வரை சேர்த்துவைக்கலாம். 2 லட்சம் அந்த வரம்புக்குள் தாராளமாக அடங்குகிறது. வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு வட்டியையும் சேர்த்து 5 லட்சம் வரைதான் என்பதால், பணத்தை ஒரே வங்கியில் போடாமல் பிரித்துவைத்தோம்.

தீர்மானத்தில் எழுதிய வாசகம் இது: “சேமநிதியின் இலக்கு மூன்று மாத நடைமுறைச் செலவு. தேய்மானம், ஒருமுறைச் செலவு, திட்ட நிதிச் செலவு ஆகியவை இதில் சேரா. ஒரு மாதத் தொகையைப் பொருளாளர் ஒவ்வோர் ஆண்டும் தணிக்கை முடிந்ததும் புதிதாகக் கணக்கிட்டு முதல் கூட்டத்தில் வைப்பார். ஒரு மாதத் தொகைக்குள் எடுக்கத் தலைவரும் பொருளாளரும் கையொப்பமிடுவார்கள். அதற்கு மேல் குழுவின் ஒப்புதல் தேவை. எடுத்த தொகையைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் திரும்பச் செலுத்தும் திட்டம் அடுத்த கூட்டத்திலேயே வைக்கப்படும்.”