கணக்கு விவரங்களை எதில் எழுதி வைப்பது: நோட்டா, போன் ஷீட்டா, டிஜிலாக்கரா?

வீட்டில் வரவு செலவு பார்ப்பவர் திடீரென்று படுத்துவிட்டால், மற்றவர்கள் பணத்தை எடுத்து நடத்த வேண்டும். அதற்கான பட்டியலை எதில் வைப்பது என்று யோசித்தபோது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: ஒரு நீள நோட்டு, போனில் ஒரு கூகுள் ஷீட், அரசின் டிஜிலாக்கர். நாங்கள் நோட்டை எடுத்தோம். அதனால் இந்த அலசல் நோட்டுப் பக்கம்தான் சாயும்.

தெரிந்த விஷயங்களை நீட்டவில்லை. ஷீட்டில் தேடலாம், திருத்தலாம், வெளியூர்ப் பிள்ளையோடு பகிரலாம். நோட்டு நனையும், தொலையும். டிஜிலாக்கரில் இருப்பது சம்பந்தப்பட்ட துறையே நேரடியாகத் தரும் ஆவணம், அதனால் நகல் எடுக்கும் வேலை இல்லை.

டிஜிலாக்கருக்கு நம் ஊரில் ஒரு பெரிய குறை. கூட்டுறவு சங்கத்தில் வைத்த நகைக்கடன், இலை கொடுக்கும் தொழிற்சாலையில் வாங்கிய முன்பணம், ஊர்ச் சீட்டு இவையெல்லாம் அதில் ஏறுவதில்லை. நீலகிரியில் சிறு தேயிலை வைத்திருக்கும் வீட்டின் பணத்தில் பாதி இந்த மாதிரி இடங்களில்தான் ஓடுகிறது. உள்ளே நுழைய ஓ.டி.பி. வேண்டும், அது வரும் போன் நோயாளியுடன் கோயம்புத்தூருக்குப் போயிருக்கும். டிஜிலாக்கரிலும் நாமினி வைக்கலாம்தான். ஆனால் அந்த வசதி இறப்புக்குப் பிறகுதான் திறக்கும்.

ஷீட் நல்ல வழிதான், ஆனால் திறக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் மட்டும். மனைவியோடு பகிர்ந்திருந்தும் அவருடைய போனில் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் இருந்தால், பகிர்ந்ததில் பயன் இல்லை. பகிராமல் வைத்து, கணக்கு நெடுநாள் பயன்படாமல் கிடந்தால் நாம் குறித்தவருக்கு விவரங்களைத் தரும் கூகுளின் செயலற்ற கணக்கு மேலாளரை நம்புவோரும் உண்டு. அதில் வைக்கக்கூடிய குறைந்தபட்சக் காத்திருப்பே மூன்று மாதம். ஆஸ்பத்திரி பில் அதுவரை நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகும் நாட்களையும் கணக்கில் வைக்க வேண்டும். பாஸ்வேர்டு மேனேஜர் செயலிகளில் அவசர அணுகல் வசதி உண்டு. அதை நெடுநாள் நடத்திப் பார்த்த குடும்பங்கள் எங்களுக்கு அதிகம் தெரியாது, அதனால் அதற்கு மதிப்பெண் போடவில்லை.

இதுவரை சொன்னதில் எதுவும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது பட்டியலைப் புதுப்பிக்கும் வேலைதான்.

இப்படிப்பட்ட பட்டியல்கள் தொலைந்து கெடுவதைவிடப் பழசாகிக் கெடுவதே அதிகம். எஃப்.டி. முதிர்ந்து வேறு எண்ணில் புதுப்பிக்கப்பட்டிருக்கும். மருத்துவக் காப்பீட்டை வேறு கம்பெனிக்கு மாற்றியிருப்பார்கள். நாமினியாகப் போட்ட அம்மா இறந்து வருடங்கள் ஆகியிருக்கும். இதற்கு ஷீட்தான் சரி, உடனே திருத்தலாமே என்று தோன்றும். நடப்பது வேறு. திருத்துவது சுலபம் என்பதாலேயே ஷீட்டில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறார்கள்: இருப்புத் தொகை, வட்டி, இந்த மாத ஆர்.டி. தவணை. இவை மாதாமாதம் மாறுகிறவை. நான்கு மாதம் விட்டுப்போனால் எந்த வரி சரி, எது பழசு என்று எழுதியவருக்கே தெரியாது. அதற்குள் ஒரு நகல் வாட்ஸ்அப்பில், இன்னொன்று மெயிலில் என்று மூன்று வடிவங்கள் சுற்றும்.

நோட்டில் அடித்துத் திருத்துவது சிரமம். அதனாலேயே மாறாததை மட்டும் எழுத வேண்டியிருக்கிறது. இருப்பு எவ்வளவு என்று எழுதத் தேவையில்லை, எந்தக் கிளை, எந்த எண் என்று தெரிந்தால் இருப்பை வங்கியே சொல்லும். பாலிசித் தொகையும் பிரீமியம் கட்டும் மாதமும் மாறாதவை, அவற்றை எழுதலாம். இப்படி வைத்தால் வருடத்தில் திருத்த வேண்டியது ஓரிரு பக்கம்தான். திருத்தினால் வரியை ஒரே கோடாக அடித்து, புதியதை எழுதித் தேதி போட வேண்டும். அடித்த வரியும் படிக்கத் தெரிய வேண்டும், பழைய எண்ணை வைத்துத்தான் சில நேரம் புதியதைக் கண்டுபிடிக்க முடியும்.

புதுப்பிக்க ஒரு நாள் குறித்துக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் வாரம் இதற்குச் சரியான காலம். பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு வருடத்துக்கு 436 ரூபாயும், விபத்துக்கான சுரக்ஷா காப்பீட்டுக்கு 20 ரூபாயும் மே மாதக் கடைசி வாரத்தில்தான் கணக்கிலிருந்து பிடிப்பார்கள். பாலிசி ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது. பிடிக்கும்போது கணக்கில் பணம் இல்லாவிட்டால் 2 லட்ச ரூபாய்ப் பாதுகாப்பு சத்தமில்லாமல் நின்றுவிடும். அதனால் ஜூன் முதல் வாரத்தில் பாஸ்புக்கைப் பதிந்து, அந்த இரண்டு பிடித்தமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே கையோடு நோட்டையும் புரட்டிவிடலாம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை. கணவர் முன்பு எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், அங்கே ஒரு பி.எஃப். நிற்கிறது. இலைப் பணம் வரும் வங்கிக் கணக்கு அவர் பெயரில் மட்டும். மனைவி நாமினி. தபால் ஆபீசில் ஒரு ஆர்.டி., ஒரு எல்.ஐ.சி. பாலிசி, சங்கத்தில் ஒரு நகைக்கடன். இரவில் கணவருக்குப் பக்கவாதம் வந்து, ஆம்புலன்சில் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர் போகிறார்கள்.

பெரும்பாலான வீடுகள் தடுமாறும் இடம் இங்கேதான். கணவர் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு அந்தக் கணக்கில் எந்த உரிமையும் கிடையாது. ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அவர் கைநாட்டு வைக்கும் நிலையில் இருந்தால், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பணம் எடுக்க வங்கிகளில் வழி உண்டு, சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். நினைவே இல்லை என்றால் அதுவும் நடக்காது, காப்பாளர் நியமனத்துக்கு நீதிமன்றம் போக வேண்டிவரும். சாதாரணப் பவர் பத்திரமும் எழுதிக்கொடுத்தவர் நினைவிழந்தால் செல்லாது. ஆகவே நோட்டில் ஒவ்வொரு கணக்குப் பக்கத்திலும் நாமினி யார் என்பதற்கு மேலே எழுத வேண்டிய வரி, "யார் கையெழுத்தில் பணம் வரும்" என்பது. அந்த இடத்தில் "அவர் மட்டும்" என்று எழுதும்போதே விஷயம் உறைக்கும். அடுத்த வாரமே இருவரும் கிளைக்குப் போய், "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்" என்ற முறையில் கணக்கைக் கூட்டாக மாற்றிக்கொள்ளலாம். எஃப்.டி.க்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. கூட்டாக இருந்தாலும், இருவரும் உயிரோடு இருக்கும்போது முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். அதனால் அவசரப் பணம் சேமிப்புக் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

அடுத்த வாரங்களில் மனைவிக்குத் தேவைப்படுவது நோட்டின் மற்றப் பக்கங்கள். எல்.ஐ.சி. வருடப் பிரீமியம் அந்த மாதமே வருகிறது என்று பக்கத்தில் இருந்தால், 30 நாள் அவகாசத்துக்குள் கட்டிப் பாலிசியைக் காப்பாற்றிவிடுவார். மாதாமாதம் கட்டும் பாலிசிக்கு அவகாசம் 15 நாள்தான். நகைக்கடன் ரசீது எங்கே இருக்கிறது, கெடு எப்போது என்பதும் எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகை ஏலத்துக்குப் போன பிறகுதான் தெரியவரும். கடன்களை எழுதாத பட்டியல் பாதிப் பட்டியல்தான்.

நாமினி வரியை எப்படி எழுதுவது? நம் நினைவில் இருந்து எழுதக்கூடாது. பாஸ்புக்கில் நாமினி பதிவு அச்சாகியிருக்கிறதா, எல்.ஐ.சி. பாண்டில் யார் பெயர், பி.எஃப். இணையதளத்தில் இ-நாமினேஷன் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அங்கே இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டும், பார்த்த தேதியோடு. இனிஷியல்தான் நம்மவர்களுக்குப் பெரிய தொல்லை. பாஸ்புக்கில் "எம். லட்சுமி", ஆதாரில் "லட்சுமி மாதன்", பாலிசியில் கணவர் பெயர் சேர்த்து இன்னொரு விதம். மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க அலைவதைவிட, இப்போதே திருத்தல் படிவம் கொடுப்பது நல்லது. பி.எஃப்.-இல் கல்யாணத்துக்கு முன்பு, குடும்பம் இல்லாதபோது செய்த நாமினேஷன் கல்யாணத்துக்குப் பிறகு செல்லாது, புதிதாகச் செய்ய வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம், ஒரே நேரத்தில் பங்கு பிரித்தோ, ஒருவருக்குப் பின் ஒருவராகவோ. வங்கி லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான். எந்த முறை என்பதையும் அந்த வரியில் சேர்க்க வேண்டும்.

வங்கிப் பணத்தில் நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்பவர்தான், மகன் பெயர் மட்டும் இருப்பதால் மகளின் பங்கு போய்விடாது. ஆயுள் காப்பீட்டில் 2015 திருத்தத்துக்குப் பின் நிலைமை வேறு: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம்.

எழுதாமல் போனால் பின்னால் தேடிக்கொள்ளலாமே என்று சிலர் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தைச் சொல்வார்கள். அதில் வருவது பத்து வருடம் தொடாமல் கிடந்து, உரிமை கோரப்படாததாக ஒதுக்கப்பட்ட பணம். போன மாதம் நின்றுபோன கணக்கு அதில் வராது.

நோட்டின் உண்மையான பலவீனம் ஈரம். ஜெல் பேனா மை மலைச்சாரலில் பரவும், பால்பாயின்ட் தாங்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வைக்க வேண்டும், வெளிச்சுவரில்தான் பூஞ்சை முதலில் ஏறும். லேமினேஷன் வேண்டாம், பிறகு திருத்த முடியாது. ஏ.டி.எம். பின், யு.பி.ஐ. பின், பாஸ்வேர்டு எதுவும் இதில் எழுதக்கூடாது. கணக்கு வைத்திருப்பவர் இறந்தபின் அவர் கார்டில் பணம் எடுத்தால் மற்ற வாரிசுகளோடு தகராறில் முடியும். நாமினி உரிய காகிதங்களைக் கொடுத்தால் வங்கி 15 நாளில் முடித்துத்தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

ஜூனில் சரிபார்த்ததும் எல்லாப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்து, முதல் பக்கத்தில் தேதி போட்டு, மலைக்குக் கீழே இருக்கும் பிள்ளையிடமோ தங்கையிடமோ கொடுத்துவிட வேண்டும். பழைய ஜெராக்ஸைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட வேண்டும். அந்தப் பிள்ளை தன் வசதிக்கு அதை ஷீட்டில் ஏற்றிக்கொண்டாலும் தப்பில்லை, திருத்தம் மட்டும் நோட்டில்தான் முதலில் நடக்க வேண்டும்.