18 லட்சம் போனது: கடலோரக் கட்டடத்துக்கு பேட்ச் வேலை மட்டும் போதும் என்பவர்களிடம் ஜாக்கிரதை

நேற்று காலை கார் நிறுத்தும் தளத்தில் நான்காம் பில்லரில் ஒரு புது வெடிப்பைப் பார்த்தேன். போன வருஷம் பூசிய பேட்சுக்கு ஒரு சாண் மேலே, கம்பி போகும் கோட்டிலேயே நேராகக் கீறியிருக்கிறது. தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வருகிறது. இப்படி வெடிப்பு வந்த ஐந்தாவது பில்லர் இது. பூசி முடித்துப் பதினாலு மாதம்தான் ஆகிறது. அதற்காக எங்கள் குடியிருப்போர் சங்கம் கொடுத்தது 18 லட்சம். கைகள் இன்னும் நடுங்குகின்றன, எழுத்தில் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதே கொட்டேஷன் யார் கையிலாவது இப்போது இருக்கலாம் என்பதால்தான் உடனே எழுதுகிறேன்.

கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் நிற்கும் நாலு மாடிக் கட்டடம் எங்களுடையது. கீழ்த் தளத்தில் 24 பில்லர்கள். ஒன்பதில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி துருவோடு வெளியே தெரிந்தது. சங்கச் செயலாளர் என்ற முறையில் ஆள் தேடியது நான்தான். கட்டடப் பழுதுபார்ப்பு செய்யும் ஒரு நிறுவனம் வந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. 'ஆய்வு, ரிப்போர்ட், வேலை எல்லாம் ஒரே கையில்' என்று விளம்பரம் செய்யும் வகை.

நான் நம்பிய கணம் எதுவென்று நன்றாக நினைவிருக்கிறது. அவர்களுடைய இன்ஜினியர் தம்பி நல்ல பில்லர் ஒன்றில் சின்னதாகக் கொத்தி, உள்ளே பீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தார். பளிச்சென்று ரோஸ் நிறம் வந்தது. "பாருங்க சார், கான்கிரீட் உள்ளே ஆரோக்கியமா இருக்கு. கெட்டுப்போன இடத்தை மட்டும் கொத்தி எடுத்துப் பூசினாப் போதும்" என்றார். சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினோம். கண் முன்னால் நிறம் மாறியதைப் பார்த்த பிறகு என்ன கேள்வி கேட்கத் தோன்றும்?

அந்தச் சோதனை பொய்யில்லை. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு. கான்கிரீட்டில் காரத்தன்மை இருக்கிறதா, காற்றிலுள்ள கரியமில வாயு அதை அழித்துவிட்டதா என்பதை மட்டும்தான் அந்த ரோஸ் நிறம் காட்டும். கடலோரத்தில் கம்பியைத் தின்பது குளோரைடு, அதாவது உப்பு. கம்பியைச் சுற்றியுள்ள காரத்தன்மை அதன்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். குளோரைடு போதுமான அளவு சேர்ந்தால் காரத்தன்மை அப்படியே இருக்கும்போதே படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். ரோஸ் நிறமும் வரும், கம்பியும் குழி குழியாக அரிக்கும். குளோரைடைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பில்லரில் துளை போட்டு, ஆழம் வாரியாகத் தூள் எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஒரு துளைகூடப் போடவில்லை.

ரிப்போர்ட்டில் ஒரு ஒப்பீட்டு அட்டவணையும் இருந்தது. ஒரு பக்கம் பேட்ச் ரிப்பேர், 15 வருஷம் தாங்கும், 18 லட்சம். இன்னொரு பக்கம் கத்தோடிக் பாதுகாப்பு, அதாவது கம்பிக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்து அரிப்பைத் தடுக்கும் முறை. அதன் கீழே 'கப்பல், குழாய்களுக்கு உரியது, செலவு இரண்டு மடங்குக்கு மேல், மின்கட்டணம் அதிகம், மின்கசிவு ஆபத்து' என்று நாலே வரி. எங்கள் மூன்றாம் மாடி அக்கா ஒருவர் மட்டும் கூட்டத்தில் எழுந்து, "அதையும் ஒரு தடவை விசாரிக்கலாமே" என்றார். "பில்லர்ல கரண்ட் விட்டா குழந்தைங்க தொட்டா ஷாக் அடிக்கும்மா" என்று அந்தத் தம்பி சொன்னதும் பேச்சு அடங்கிவிட்டது. அக்காவிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று மாலை கேட்கப் போகிறேன்.

அது எவ்வளவு பெரிய பொய் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். கத்தோடிக் பாதுகாப்பில் கான்கிரீட்டின் மேலோ உள்ளேயோ ஓர் ஆனோடை, அதாவது மின்னோட்டத்தைச் செலுத்தும் மின்வாயைப் பதிப்பார்கள். பெரும்பாலும் பூச்சுக் கொடுத்த டைட்டானியம் வலை அல்லது பட்டை. அதிலிருந்து கம்பிக்கு மிகச் சிறிய நேர்மின்னோட்டம் போய்க்கொண்டே இருக்கும். வழக்கமான அளவு, கம்பிப் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 2 முதல் 20 மில்லி ஆம்பியர். 200 சதுர மீட்டர் கம்பிப் பரப்பு, சதுர மீட்டருக்கு 15 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் மொத்தம் 3 ஆம்பியர். 8 வோல்ட்டில் அது 24 வாட். வீட்டில் எரியும் ஒரு விளக்கின் அளவு. அந்த வோல்ட்டேஜில் யாருக்கும் ஷாக் அடிக்காது.

முதல் பில்லரில் வெடிப்பு வந்தபோதே அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். முதலில், "பெயின்ட் வெடிப்பா இருக்கும் சார், மழை முடியட்டும்." அடுத்து, சைட்டில் இருக்கிறார், மீட்டிங்கில் இருக்கிறார். மூன்றாவது மாதம் ஒருவர் வந்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பிறகு கடிதம் வந்தது: 'எங்கள் உத்தரவாதம் நாங்கள் பூசிய பரப்புக்கு மட்டுமே. தாங்கள் குறிப்பிடும் வெடிப்புகள் பூசப்படாத பகுதியில் உள்ளன. பூச்சு நல்ல நிலையில் உள்ளது.'

பூச்சு நல்ல நிலையில்தான் இருக்கிறது! கோளாறே அங்கேதான். இதை எனக்குப் புரியவைத்தவர் ஓய்வு பெற்ற ஒரு கட்டடப் பொறியாளர், உறவினரின் நண்பர். அவர் காப்பர் சல்பேட் மின்வாயைக் கொண்டு பில்லரில் கட்டம் கட்டமாக மின்னழுத்தம் அளந்தார். பேட்சின் நடுவில் மைனஸ் 160 மில்லிவோல்ட். ஓரத்தைத் தாண்டி ஒரு சாண் தள்ளி மைனஸ் 430. அளவு மைனஸ் 200-ஐ எட்டாமல் பூஜ்யத்தின் பக்கம் இருந்தால் அரிப்பு இல்லாதிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, மைனஸ் 350-ஐத் தாண்டினால் அரிப்பு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்பது ஆய்வாளர்கள் பின்பற்றும் வழக்கமான கணிப்பு. பேட்சைச் சுற்றி ஒரு வளையம் போல அரிப்பு ஓடியிருந்தது.

அவர் சொன்ன காரணம் இது. பழைய நிலையில் பெயர்ந்த இடத்துக் கம்பி ஆனோடாக, அதாவது அரிப்பைத் தானே ஏற்கும் முனையாக, அரித்துக்கொண்டிருந்தது. அந்த அரிப்புதான், தன்னையறியாமல், பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டும் இருந்தது. இவர்கள் அந்த இடத்தைச் சுத்தம் செய்து உப்பில்லாத புதுக் கலவையை வைத்தார்கள். அங்கே கம்பி அரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் பேட்சுக்கு வெளியே உள்ள பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கிறது, அதுவரை கிடைத்த காப்பு போய்விட்டது. அரிப்பு ஓரத்துக்கு இடம் மாறிவிட்டது. பிறகு தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். கம்பி இருக்கும் ஆழத்தில் சிமென்ட் எடையில் 0.9 சதவீதம் குளோரைடு. 0.4-ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்பார்கள். வெளியே பார்வைக்கு ஒரு கீறல்கூட இல்லாத பில்லரில் எடுத்த அளவு அது.

"பேட்ச் வேலை தப்பு இல்லை, தம்பி. குழாய் ஒழுகி ஒரு மூலையில மட்டும் கெட்டுப்போனா அதுவே சரி. ஆனா உப்பு எல்லா பில்லர்லயும் கம்பி வரைக்கும் போயிட்டா, உப்பேறின கான்கிரீட் முழுசையும் கம்பிக்குப் பின்னால வரை எடுக்கணும். அதுக்கு முட்டுக் கொடுக்காம பில்லரைத் தொட முடியாது. கத்தோடிக்ல பெயர்ந்ததை மட்டும் எடுத்தாப் போதும், உப்பிருந்தாலும் உறுதியா இருக்கிறதை விட்டு வைக்கலாம்" என்றார். அதன் குறைகளையும் மறைக்கவில்லை. மின்னோட்டம் நின்றால் பாதுகாப்பும் நின்றுவிடும். ஆண்டுதோறும் யாராவது அளந்து பார்க்க வேண்டும். முன்இறுக்கக் கம்பி, அதாவது இழுத்து இறுக்கிப் பதித்த கம்பி உள்ள கட்டடங்களில் தனிக் கவனம் வேண்டும். வேலை செய்கிறதா என்று தெரிய மின்சாரத்தை நிறுத்தி 24 மணி நேரம் கவனிப்பார்கள். நிறுத்திய கணத்தில் எடுத்த அளவிலிருந்து கம்பியின் மின்னழுத்தம் 100 மில்லிவோல்ட்டாவது மாறியிருந்தால் பாதுகாப்பு கிடைக்கிறது என்று பொருள். வெறும் பூச்சைப் பார்த்து இப்படி எதையும் சொல்ல முடியாது.

அப்படியானால் இப்போதே கத்தோடிக் போட்டுவிடலாமே என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலில்தான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது. இவர்கள் கம்பிக்கு எபாக்சி அடித்து, அதிக பாலிமர் உள்ள கலவையைப் பூசியிருக்கிறார்கள். இரண்டும் மின்னோட்டத்தைத் தடுக்கும். கத்தோடிக் பாதுகாப்பு வேண்டுமென்றால் அந்தப் பேட்சை எல்லாம் மறுபடி கொத்தி எடுத்து, பழைய கான்கிரீட்டோடு மின்தடையில் ஒத்துப்போகும் சிமென்ட் கலவையால் பூச வேண்டும். ஆக 18 லட்சம் கட்டடத்தைக் காப்பாற்றவில்லை, அடுத்த வேலைக்கும் குறுக்கே நிற்கிறது. 18 லட்சம்! இரண்டு ஓய்வூதியக்காரர்கள் தவணை முறையில் கட்டிய பணமும் அதில் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரோஸ் நிறச் சோதனையோடு முடிக்கும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். குளோரைடு எந்த ஆழத்தில் எவ்வளவு, நல்ல பில்லரிலும் எடுத்தீர்களா என்று கேளுங்கள். ஆய்வு செய்பவரும் வேலை செய்பவரும் ஒருவராக இருக்க வேண்டாம். 'பூசிய பரப்புக்கு மட்டும்' என்ற வார்த்தை உத்தரவாதத்தில் இருந்தால், பேட்சைச் சுற்றி ஒரு மீட்டர் வரை சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் ஏனென்று உங்களுக்கே விளங்கும். பிற்பாடு கத்தோடிக் வரலாம் என்ற எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் எபாக்சியை அனுமதிக்காதீர்கள்.

நான்காம் பில்லருக்கு முட்டுக் கொடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கீழே போக வேண்டும்.