ஆராய்ச்சி நெறிமுறை: ஸ்லைடுகளை விட்டு அட்டைகளுக்கு மாறிய நான்கு வருடம்

2019 இறுதியில் யூஜிசி, பிஎச்.டி. சேருகிறவர்கள் எல்லாரும் ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறிமுறைப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2 கிரெடிட், 30 மணி நேரம், ஆறு அலகுகள். எங்கள் கல்லூரியில் அதை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் இரண்டு பேட்சுக்கு 64 ஸ்லைடு வைத்து நடத்தினேன். தரவைப் புனைதல், தரவைத் திரித்தல், கருத்துத் திருட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, கீழே ஓர் உதாரணம். தேர்வில் எல்லாரும் அழகாக எழுதினார்கள்.

தேர்வு முடிந்து இரண்டு மாதம் இருக்கும். நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு ஸ்காலர் ஒரு கிராஃபோடு என் அறைக்கு வந்தார். "மேம், இந்த ஒரு பாயிண்ட் மட்டும் ஒத்துவரல. எடுத்துட்டா நல்லா வருது. எடுத்துடலாமா?" என்று கேட்டார். ஒளித்து மறைத்துக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஸ்லைடில் 'தரவைத் திரித்தல்' என்ற தலைப்பு மேலே இருந்தது, அதனால் கீழே இருந்ததை அடையாளம் கண்டுகொண்டார். தன்னுடைய கிராஃபுக்கு மேலே அப்படி ஒரு தலைப்பு இல்லையே!

அடுத்த விடுமுறையில் ஸ்லைடுகளை அட்டைகளாக மாற்ற உட்கார்ந்தேன். இப்போது ஏழாவது பேட்ச் நடக்கிறது, இதோடு அட்டைகளுக்கு நான்கு வருடம் ஆகிறது. 64 ஸ்லைடில் 14 அட்டைகள்தான் தேறின. அவற்றில் பாதியை ஒரு தடவைக்கு மேல் திருத்தி எழுதியிருக்கிறேன்.

அட்டை என்றால் போஸ்ட் கார்டு அளவுதான். ஜெராக்ஸ் கடையில் கெட்டித் தாளில் இரண்டு பக்கமும் அடிப்பேன். முன்பக்கம் பத்து வரிக்குள் ஒரு சம்பவம். அதன் கீழே இரண்டு கேள்விகள்: இதில் பிரச்சினை இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில்? நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? பின்பக்கம், அப்படிச் செய்த பிறகு நடப்பது. நான்கு பேருக்கு ஓர் அட்டை, 25 நிமிடம். முதல் வருடம் லேமினேட் செய்தேன். பேனாவால் அடிக்கோடு போட முடியவில்லை, விட்டுவிட்டேன். சந்தேகப்படும் வரியில் கோடு போடுவதுதான் பாதி வேலை.

அதிகம் பயன்பட்ட ஓர் அட்டையை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். அந்த ஸ்காலர் கேட்ட கேள்வியைத்தான் வேறு துறைக்கு மாற்றி எழுதினேன்.

ஒரு மூலிகைச் சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று பார்க்கிறார்கள். சாறு கொடுக்காத ஆறு எலிகளின் அளவுகள் 182, 176, 190, 185, 179, 188. சாறு கொடுத்த ஆறு எலிகளின் அளவுகள் 150, 158, 146, 161, 154, 214. சாதாரண டி-டெஸ்ட் போட்டால் பி-மதிப்பு 0.09 வருகிறது, அதாவது வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கடைசி எலியை எடுத்துவிட்டால் பி-மதிப்பு 0.001-க்கும் கீழே இறங்கி, வித்தியாசம் இருக்கிறது என்று தாராளமாகச் சொல்ல முடிகிறது. கிராஃபைப் பார்த்த கைடு, "அந்த எலி மருந்தைச் சரியா எடுத்திருக்காது, விட்டுடு" என்கிறார்.

முதலில் எழுதியபோது கைடு "எப்படியாவது ரிசல்ட் வரணும்" என்று சொல்வதுபோல எழுதியிருந்தேன். அது பெரிய தப்பு. வில்லனைப் பார்த்ததும் எல்லாரும் தவறு இது என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள், பேச ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போதைய கைடு நல்லவர். அவர் சொல்லும் காரணம் உண்மையாகக்கூட இருக்கலாம். அங்கேதான் பேச்சு சூடு பிடிக்கிறது.

இந்த அட்டைக்கு ஓர் இரட்டையும் உண்டு. எண்கள் அதேதான், கைடும் அதே மனிதர்தான். ஒரே ஒரு வரி மட்டும் கூடுதல்: சர்க்கரை அளவு பார்ப்பதற்கு ஐந்து நாள் முன்பு, அன்றைய தேதி போட்டு, லேப் நோட்டில் "6-ம் எலி மருந்தில் பாதியைத் துப்பிவிட்டது" என்று எழுதியிருக்கிறது. வகுப்பில் பாதிக் குழுக்களுக்கு முதல் அட்டை, மீதிப் பேருக்கு இரண்டாவது. அட்டைகள் வேறு வேறு என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் "எடுக்கலாம்" என்றும் இன்னொரு பக்கம் "எடுக்கவே கூடாது" என்றும் வாதாடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர், "இருங்க, உங்க அட்டையைக் காட்டுங்க" என்பார். அந்த ஒரு வரி அப்போதுதான் எல்லாருக்கும் தெரியும். எலியை விலக்குவதற்கான காரணம் முடிவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதப்பட்டதா, பார்த்த பிறகு தோன்றியதா என்பதுதான் கேள்வி என்று அவர்களே வந்து சேர்வார்கள். விலங்கு ஆய்வுகளுக்கான அரைவ் வழிகாட்டுதலும் இதைத்தான் கேட்கிறது: எதை விலக்குவோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய், விலக்கியதை எண்ணிக்கையோடும் காரணத்தோடும் கட்டுரையில் சொல். இதை முன்பு ஸ்லைடில் வைத்திருந்தேன். யாருக்கும் நினைவில் நின்றதில்லை.

மூன்றாவது பேட்சில் ஒரு பெண், லேப் நோட்டு வரி உள்ள அட்டையை வைத்துக்கொண்டு, "மற்ற எலிங்க துப்பலையா மேம்? அதையும் யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் அதை யோசித்திருக்கவே இல்லை. அடுத்த பேட்சுக்கு மூன்றாவது வடிவம் எழுதினேன். அதில் லேப் நோட்டில் 2-ம் எலியும் துப்பியதாக இருக்கிறது. 2-ம் எலியின் அளவு 158, முடிவுக்கு ஒத்துப்போவதால் அதை யாரும் விலக்கவில்லை. நேர்மையாக எழுதி வைத்த குறிப்பைக்கூட நமக்கு வேண்டிய இடத்தில் மட்டும் பயன்படுத்தலாம் என்பது இங்கே தெரிகிறது. என்னிடம் இருப்பதில் கடினமான அட்டை இதுதான். பாதிக் குழுக்கள்தான் கண்டுபிடிக்கும்.

பிரச்சினையைக் கண்டுபிடிப்பது ஒரு பாதி. என்ன செய்வது என்பதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். ஆரம்பத்தில் அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடை கொடுத்தேன். எது நீளமாக இருக்கிறதோ அதுதான் சரி என்று இரண்டாவது அட்டையிலேயே பிடித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் எழுதினேன். அப்புறம் எல்லா அட்டைக்கும் "கைடிடம் பேசுவேன்" என்பதையே தேர்ந்தெடுத்தார்கள். தப்பில்லாத விடைதான், ஆனால் அதைச் சொல்லிவிட்டு எளிதாகத் தப்பித்துக்கொள்ளலாம்.

இதற்கு இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்று, எந்த விடையைத் தேர்ந்தெடுத்தாலும் வாயால் சொல்லப்போகும் வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். எலி அட்டைக்கு முதலில் வருவது, "சார், இது நெறிமுறைப்படி தவறு." இதை எந்த ஸ்காலராவது தன் கைடிடம் சொல்வாரா? எழுதியவரே சிரித்துவிட்டு அடித்துவிடுவார். திருத்தித் திருத்தி ஒரு குழு இப்படி எழுதியது: "சார், ரெண்டு விதமாவும் கணக்குப் போட்டு வச்சிருக்கேன். பேப்பர்ல ரெண்டையும் போட்டு, ஏன் விலக்கினோம்னு ஒரு வரி எழுதிடலாமா? ரிவியூவர் கேட்டா நமக்குத்தான் சௌகரியம்." இது சொல்லக்கூடிய வாக்கியம். மரியாதையும் குறையவில்லை, எலியும் காணாமல் போகவில்லை.

இரண்டாவது மாற்றம் பின்பக்கம். "கைடிடம் பேசினீர்கள். பார்க்கலாம் என்றார். இரண்டு வாரம் ஆகிறது. கட்டுரை அனுப்ப நாளை கடைசி நாள்." இனி என்ன? இதைத் திருப்பிப் படிக்கும்போது முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். துறை ஆராய்ச்சிக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் கைடு அல்லாத இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் போகலாம் என்பது பல ஸ்காலர்களுக்கு அந்தக் கணத்தில்தான் உறைக்கிறது.

பிரச்சினையே இல்லாத அட்டைகளும் இரண்டு வைத்திருக்கிறேன். அவை இல்லாதபோது எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்று: ஏற்கெனவே வெளியான எழுத்துகளோடு ஆய்வேட்டின் ஒப்புமை 14% என்று மென்பொருள் காட்டுகிறது. யூஜிசியின் 2018 விதிமுறையில் 10% வரைதான் அனுமதி என்பது எல்லாருக்கும் மனப்பாடம், உடனே தவறு என்பார்கள். அறிக்கையை வரிவரியாகப் பார்த்தால் 9% துணைநூல் பட்டியலிலிருந்து வந்தது. அதைக் கணக்கிலிருந்து விலக்கச் சொல்லி அதே விதிமுறை சொல்கிறது. மீதி 5% மட்டுமே. இதன் ஜோடி அட்டையில் ஒப்புமை வெறும் 3%. ஆனால் ஓர் ஆங்கிலக் கட்டுரையின் இரண்டு பத்திகள் தமிழாக்கி, மூலம் சொல்லாமல் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்கு மொழி மாறினால் அது எளிதில் தெரியாது. தமிழ்த்துறை ஸ்காலர்கள் இந்த அட்டையில் மற்றவர்களைவிட வேகமாகப் பிடிக்கிறார்கள்.

ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வருடம், கட்டுரையில் பெயர் சேர்ப்பது பற்றிய அட்டையை எனக்குத் தெரிந்த ஓர் உண்மைச் சம்பவத்தை வைத்து எழுதினேன். பெயர், ஊர் எல்லாம் மாற்றியிருந்தேன். அட்டையைப் படித்ததும் ஒரு குழு அப்படியே அமைதியாகிவிட்டது, மூன்று பேர் நான்காமவரைப் பார்த்தார்கள். அவர் அன்று வகுப்பு முடியும்வரை பேசவில்லை. பிறகு நான் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எந்தச் சம்பவத்தை எடுத்தாலும் துறையையே மாற்றிவிடுகிறேன்: வேதியியலில் நடந்ததைச் சமூகவியலுக்கும், அங்கே நடந்ததைக் கணினித் துறைக்கும். அட்டையைப் படித்ததும் அறையில் பார்வைகள் ஒருவர் பக்கம் திரும்பினால் அந்த அட்டையை அன்றே எடுத்துவிட வேண்டும்.

அட்டைக்கு வராத விஷயங்களும் உண்டு. கட்டுரையில் ஒருவர் பெயரைச் சேர்க்க, மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஈ சொல்லும் நான்கு தகுதிகளை முதலில் தெரிந்துகொள்ளாமல் பெயர் அட்டையைக் கொடுத்தால், "பாவம், அவரும் உழைச்சார்ல" என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. அதனால் ஸ்லைடுகளில் 11-ஐ இன்னும் வைத்திருக்கிறேன், அட்டைக்கு முன்னால் பத்து நிமிடம் அவற்றைக் காட்டுகிறேன். 30 மணி நேரத்தில் 14 அட்டையும் முடிவதில்லை, ஒன்பது அல்லது பத்துதான் முடிகிறது.

மதிப்பெண் போடுவது இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. சரியான விடை என்று ஒன்றுக்கு மதிப்பெண் கொடுத்தால் மறுபடியும் என் மனதில் இருப்பதை ஊகிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இப்போதைக்கு, அடிக்கோடு போட்ட வரிக்கு இரண்டு மதிப்பெண், எழுதிய வாக்கியத்துக்கு மூன்று. வாக்கியத்தைப் படிக்கும்போது இதை இவர் உண்மையிலேயே சொல்வாரா என்று மட்டும் பார்க்கிறேன். சந்தேகமாக இருந்தால் கூப்பிட்டு, நான் கைடாக உட்கார்ந்து, ஒரு தடவை சொல்லச் சொல்கிறேன்.