தோற்றால் இரட்டிப்பா, எப்போதும் அதே பத்தா? ஒரு ரூலெட் மேசைக் கணக்கு

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில், அறையில் கூடத் தங்கியிருந்த அண்ணன் ஒருவர்தான் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். "தம்பி, சிவப்புல பத்து வெள்ளி வை. தோத்தா இருபது. அதுவும் போனா நாப்பது. எப்பவாவது ஒரு தடவை சிவப்பு விழுந்துதானே ஆகணும்? விழுந்ததும் விட்டதெல்லாம் வந்துரும், மேல பத்து வெள்ளி லாபம்." இதற்கு மார்ட்டிங்கேல் என்று பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஆறு மாலை அப்படி ஆடினேன். அப்புறம் எட்டு மாலை, ஜெயித்தாலும் தோற்றாலும் அதே பத்து வெள்ளி என்று ஆடினேன். நான் இப்போது இரண்டாவதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிலும் காசு போகும். போகிற வேகம்தான் வேறு.

காசினோவின் ரூலெட் மேசையைப் பற்றி இரண்டு வரி. சுழலும் சக்கரத்தில் பந்து விழ 37 குழிகள்: சிவப்பு 18, கறுப்பு 18, ஒரு சைபர். சிவப்பில் வைத்து சிவப்பு விழுந்தால் வைத்த அளவு லாபம். கறுப்போ சைபரோ விழுந்தால் வைத்தது போச்சு. ஆக 37-க்கு 18 ஜெயம், 19 தோல்வி. நான் ஆடிய மேசையில் குறைந்தபட்சப் பந்தயம் 10 வெள்ளி, அதிகபட்சம் 1000. நான் வேலை அனுமதியில் இருந்ததால் நுழைவுக் கட்டணம் கிடையாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டிவிட்டுத்தான் உள்ளேயே போக முடியும்; அவர்களுக்குக் கீழே வருகிற எல்லாக் கணக்கும் இன்னும் மோசம்.

இரட்டிப்பு ஆட்டம் பரபரப்பானது, சமப் பந்தயம் சலிப்பானது. "ஆறு கறுப்பு விழுந்தாச்சு, அடுத்தது சிவப்புதான்" என்பது தவறு. முந்தின சுற்றில் என்ன விழுந்தது என்று பந்துக்குத் தெரியாது. இவை எல்லோரும் சொல்வதுதான், நான் நீட்டவில்லை. எனக்கு முடிவெடுத்துக் கொடுத்தது வேறு ஒரு கணக்கு.

பத்து வெள்ளியில் தொடங்கி ஒரு ஜெயம் வரும்வரை ஆடுவதை ஒரு வட்டம் என்று வைத்துக்கொள்வோம். 10, 20, 40, 80, 160, 320, 640 என்று ஏழு பந்தயம் போகலாம். எட்டாவது 1280, அதை மேசை ஏற்காது. அந்த ஏழையும் கூட்டினால் 1270. ஏழுக்குள் எங்கே ஜெயித்தாலும் லாபம் சரியாகப் பத்து வெள்ளிதான். ஏழாவது பந்தயத்தில் 640 வெள்ளியை நகர்த்தி வைக்கும்போது கை நடுங்கும். அது ஜெயித்தாலும் மிஞ்சுவது அதே பத்து. ஏழும் தோற்றால் 1270 போகும். இதைச் சறுக்கல் என்று சொல்கிறேன்.

என் முதல் நான்கு மாலையும் அண்ணன் சொன்னபடியே நடந்தன. ஒரு மாலைக்கு 25 வட்டம், சுமார் ஐம்பது சுற்று, 250 வெள்ளி லாபம். நான்கு நாளில் 1000. ஐந்தாம் நாள் பதினேழு வட்டம் ஜெயித்த பிறகு ஏழு முறை தொடர்ந்து சிவப்பு வரவில்லை. நடுவில் ஒன்று சைபர். அடுத்து 1280 வைக்க வேண்டும். கையில் இருந்தது 1170. இருந்திருந்தாலும் மேசை வரம்பு 1000. அடுத்த முறை சம்பளத்திலிருந்து 100 வெள்ளி சேர்த்து 1270 ஆக்கிக்கொண்டு போனேன். எட்டு வட்டம் ஜெயம், ஒன்பதாவதில் மறுபடி சறுக்கல். மொத்தம் 125 வட்டம் ஜெயித்து, இரண்டே இரண்டில் தோற்று, 1290 வெள்ளி நட்டத்தோடு வீடு வந்தேன்.

துரதிர்ஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. 127 வட்டத்தில் இரண்டு சறுக்கல் சராசரியைவிடச் சற்று அதிகம். ஆனால் சராசரியாக நடந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? அதைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

முதலில் சைபரே இல்லாத, சுண்டிவிட்ட காசு மாதிரி நேர்மையான ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு முறை தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு 128-இல் ஒன்று. அதாவது சராசரியாக 127 வட்டம் ஜெயித்தால் ஒன்றில் சறுக்கல். 127 ஜெயத்துக்கு 1270 லாபம், ஒரு சறுக்கலுக்கு 1270 நட்டம். ஒரு வெள்ளிகூட மிச்சமில்லாமல் நேராகிவிடுகிறது. நேர்மையான ஆட்டத்தில்கூட இரட்டிப்பு ஒன்றும் சம்பாதித்துத் தருவதில்லை. ஒரே பெரிய நட்டத்தைப் பல சின்ன லாபங்களாகச் சில்லறை மாற்றித் தருகிறது, அவ்வளவுதான்.

இப்போது சைபரைத் திரும்ப வையுங்கள். ஒரு சுற்றில் தோற்கும் வாய்ப்பு பாதியிலிருந்து 37-க்கு 19 ஆகிறது. பார்வைக்கு ஒன்றுமில்லாத வித்தியாசம். அதையே ஏழு தடவை பெருக்கினால் சறுக்கல் 128-க்கு ஒன்று என்பது 106-க்கு ஒன்று என்று ஆகிவிடுகிறது. நட்டத்தை ஈடுகட்ட 127 ஜெயம் வேண்டும். கிடைப்பதோ சராசரியாக 105. இந்த 22 வட்டத்துக் குறையை எந்தச் சாமர்த்தியத்தாலும் அடைக்க முடியாது. கறுப்புக்கு மாறினாலும், மேசை மாற்றினாலும், சைபர் விழுந்த பிறகு தொடங்கினாலும் இதே எண்தான். ஒரு வட்டத்துக்குச் சராசரி நட்டம் 2 வெள்ளிக்குச் சற்று மேல்.

அப்படியானால் ஏன் இவ்வளவு பேர் இதை நம்புகிறார்கள்? 25 வட்டத்தைச் சறுக்காமல் முடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 79 சதவீதம். ஐந்து மாலையில் நான்கு மாலை சிரித்துக்கொண்டே வெளியே வரலாம். அந்த நான்கிலும் சேர்ந்து 1000 வெள்ளி. ஐந்தாவதில் போவது, அன்றைக்கு அதுவரை ஜெயித்ததைக் கழித்த பிறகும், சராசரியாக 1150-க்கு மேல்.

"முதல் போதாததுதான் பிரச்சினை" என்று அண்ணன் சொன்னார். அதையும் போட்டுப் பார்த்தேன். மேசை வரம்பே இல்லை, பத்துப் பந்தயம் வரை போகலாம் என்று வைத்தால் கையில் 10,230 வெள்ளி வேண்டும். ஒரு சறுக்கலை ஈடுகட்ட 1023 ஜெயம் வேண்டும். சறுக்கலோ சராசரியாக 784 வட்டத்துக்கு ஒன்று. முன்பு ஆறில் ஒரு பங்கு குறைந்தது. இப்போது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு வட்டத்தின் சராசரி நட்டமும் 2 வெள்ளியிலிருந்து 3 வெள்ளிக்கு ஏறிவிட்டது. முதல் கூடக்கூட அடி தள்ளிப்போகிறது, விழும்போது பெரிதாக விழுகிறது. வரம்பு வைத்ததற்காகக் காசினோவைத் திட்டிக்கொண்டிருந்தேன். கணக்குப்படி அந்த வரம்பு என்னையும்தான் காப்பாற்றியிருக்கிறது.

பெரிய முதலோடு ஆடியவர் கதை ஒன்று உண்டு. 1754-இல் வெனிஸ் நகரத்துச் சூதாட்ட மாளிகையில் காசனோவா என்ற இத்தாலிய சாகசக்காரர் இதே இரட்டிப்பைச் சீட்டில் ஆடினார். ஆடியது காதலியின் தங்கத்தை வைத்து. திருவிழாக் காலம் முழுக்க நாள்தோறும் ஜெயம். ஆறாவது சீட்டு தோற்றால் ஆடப் பணமில்லை, நல்லவேளையாக அது தோற்கவே இல்லை என்று தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அதே குறிப்பில் கொஞ்சம் தள்ளி, அந்தத் தங்கம் மொத்தமும் போன கதையும் இருக்கிறது.

இனி சமப் பந்தயம். இதில் சொல்லக் கொஞ்சமே இருக்கிறது. எந்த முறையில் ஆடினாலும் மேசையில் வைக்கிற ஒவ்வொரு 37 வெள்ளிக்கும் சராசரியாக ஒரு வெள்ளி காசினோவுக்குப் போகிறது. கேள்வி, மொத்தம் எவ்வளவு வைக்கிறோம் என்பதே. ஐம்பது சுற்றுக்குப் பத்துப் பத்தாக வைத்தால் 500 வெள்ளி. அதில் போவது சராசரியாக 13 அல்லது 14. அதே ஐம்பது சுற்றை இரட்டிப்பில் ஆடினால், ஒரு வட்டத்துக்குச் சராசரியாக 76 வெள்ளி மேசைக்குப் போகிறது, 25 வட்டத்துக்கு 1900. அதில் போவது ஐம்பது சொச்சம். பத்து வெள்ளி ஆட்டக்காரன் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் சுற்றுக்கு முப்பத்தெட்டு வெள்ளி வைத்து ஆடியிருக்கிறேன்.

என் எட்டு மாலையில் 400 சுற்று, 4000 வெள்ளி பந்தயம். கணக்குப்படி 108 போக வேண்டும், எனக்குப் போனது 140. மிக மோசமான மாலையில் 120. சம்பளத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. எட்டு மாலை பெரிய மாதிரி ஒன்றும் இல்லை. இன்னொருவருக்கு 400 சுற்றில் 300 போகலாம், 100 வரவும் செய்யலாம். ஆனால் அத்தனை சுற்றில் 1270 போவதற்கு வழியே இல்லை என்று சொல்லிவிடலாம்.

இரட்டிப்புக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கையில் 1270 வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பத்து வெள்ளி லாபம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவேன் என்பவருக்கு அது சமப் பந்தயத்தைவிட மேல். இரட்டிப்பில் வெற்றி வாய்ப்பு 99 சதவீதம். பத்துப் பத்தாக வைத்து, பத்து வெள்ளி லாபமோ முழுத் தொகையும் காலியோ எது முதலில் வருகிறதோ அதுவரை ஆடினால் 95-க்கும் சற்றுக் குறைவு. சிக்கல், ஒரு வட்டத்தோடு எழுந்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை, நானே எழவில்லை. 127 வட்டம் தொடர்ந்து சறுக்காமல் ஆடி 1270-ஐ இரண்டு மடங்காக்கும் வாய்ப்பு 30 சதவீதம்தான். மேசை வரம்பு மட்டும் இல்லையென்றால், மொத்தத்தையும் ஒரே தடவையில் சிவப்பில் வைத்தால்கூட 48 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது.

ஜெயித்தால் இரட்டிப்பது, தோற்றால் பத்துக்குத் திரும்புவது என்று தலைகீழாகவும் ஆடுகிறார்கள். அதை இரண்டே மாலைதான் ஆடிப் பார்த்தேன், தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை. போவது சின்னச் சின்னதாகப் போகும், வருவது அரிதாக மொத்தமாக வரும் என்பது மட்டும் தெரிந்தது. 37-க்கு ஒன்று அதிலும் அப்படியேதான்.

அண்ணன் இன்னும் இரட்டிப்புதான். போன தீபாவளிக்குப் பார்த்தபோது பத்து மாலை தொடர்ந்து ஜெயித்து 2500 வெள்ளி சேர்த்திருப்பதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து அதையும் போட்டுப் பார்த்தேன். அவர் மாதிரி ஆடுகிற பதினொரு பேரில் ஒருவருக்கு அப்படி அமையும். பதினொன்றாவது மாலைக்கு அவருடைய வாய்ப்பு மறுபடி அதே 79.